"இந்த வயசுல எதுக்கும்மா வண்டி?"

நீளமான இழை. பொறுமையா படிங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம்.

ஜவ்வாது மலையில அரசு மருத்துவரா வேலை பாக்குறேன். 40 வயசு தாண்டினவங்க எல்.எல்.ஆர். எடுக்கணும்னா படிவம் 1ஏ-ல மருத்துவர் சான்று வேணும். அதுக்காக மாசத்துக்கு நாலஞ்சு பேராவது என்கிட்ட வருவாங்க. போன வருஷம் ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஊழியர் ஒரு அம்மா வந்தாங்க. வயசு 61. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். பிசியோதெரபிக்குக் கீழே கூட்டிட்டுப் போகணும். பையன் திருப்பூர்ல. அவன் வாங்கிப் போட்ட பழைய கார் வீட்டு வாசல்ல தார்ப்பாய் போர்த்தி நிக்குது. ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகல.

கூட வந்த தம்பி மகன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "இந்த வயசுல எதுக்கு அத்தை வண்டி? ரெண்டு தடவை எழுதிப் பாத்தாச்சு, மண்டையில ஏறல. வயசானா மனப்பாடம் ஆகாதுல்ல சார்?"

என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுறான்! அந்தச் சாட்சியை நான் சொல்ல மாட்டேன். ஏன்னா அது தப்பு.

முதல்ல அந்த அம்மாகிட்ட எப்படிப் படிச்சீங்கன்னு கேட்டேன். டிரைவிங் ஸ்கூல்ல ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்காங்க. அதை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் அஞ்சு தடவை வாசிச்சிருக்காங்க. "வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு சார். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா கலங்கிடுது." இதோட, "பதில் தெரியலன்னா எது நீளமா இருக்கோ அதை அமுக்குங்க"ன்னு ஒரு குறுக்கு வழியும் அங்கேயே சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒரு உயிரோட விளையாடுற விஷயத்துல இப்படியா சொல்லித்தருவீங்க? கேள்வித்தாள்ல நீளமான பதில் இருக்கும். கொண்டை ஊசி வளைவுல எது நீளம்?

"தெரிஞ்ச மாதிரியே இருக்கு"ங்கிற உணர்வுதான் வில்லன். திரும்பத் திரும்ப வாசிச்சா பக்கம் பழகும். விஷயம் பழகாது. 2006-ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வெச்சு இதைச் சோதிச்சாங்க. ஒரு பிரிவு பாடத்தை மறுபடி மறுபடி வாசிச்சது. இன்னொரு பிரிவு ஒரு தடவை வாசிச்சிட்டு, மூடி வெச்சு, ஞாபகம் இருக்கிறதை எழுதிப் பாத்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பாத்தவங்க முன்னாடி. அவங்க எல்லாம் இளவட்டம்! இளவட்டத்துக்கே வாசிப்பு மட்டும் போதல. 61 வயசு அம்மா வாசிச்சுத் தோத்தா மட்டும் அது வயசுக் கோளாறா?

தென் கொரியாவுல சா சா-சூன்னு ஒரு அம்மா. காய்கறி வியாபாரத்துக்கு வண்டி வேணும்னு 2005-ல எழுத்துத் தேர்வு எழுத ஆரம்பிச்சாங்க. 2009 நவம்பர்ல, 950-வது முயற்சியில பாஸ். 2010-ல, 69 வயசுல லைசன்ஸ் கையில. உலகமே விடாமுயற்சின்னு கொண்டாடுச்சு. அவங்க உழைப்புக்கு என் வணக்கம். ஆனா எனக்கு அந்தச் செய்தி கோபத்தைத்தான் கொடுத்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், கேள்வியில வர்ற சொற்களுக்கு அர்த்தம் புரியல. அதனால கேள்வி பதிலை அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்காங்க. 949 தோல்வியில ஒருத்தரோட வயசைப் பாக்குறீங்களா, இல்ல புரிய வெக்காம விட்டதைப் பாக்குறீங்களா?

சரி, நம்ம அம்மாவுக்கு வருவோம். என்ன பண்ணோம்னு சொல்றேன்.

புத்தகத்தைத் தூக்கி ஓரமா வெச்சோம். சைன் போர்டுகளை ஒவ்வொண்ணா படிக்கிறதை விட்டுட்டு வடிவத்தை மட்டும் முதல்ல எடுத்தோம். வட்டம்னா உத்தரவு. முக்கோணம்னா எச்சரிக்கை. செவ்வகம்னா தகவல். இதுக்கு ஞாபகக் குறிப்பு நான் சொல்லித்தரல, அவங்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் யோசிச்சுட்டு சொன்னாங்க: "வட்டம், தாசில்தார் ஆபீஸ் உருண்டை சீல் சார். அது இருந்தா உத்தரவு. முக்கோணம், மூணு கல்லு வெச்ச அடுப்பு. கிட்ட நெருப்பு இருக்கு, பாத்துப் போ. செவ்வகம், பஸ்ஸுல ஊர் பேர் போட்ட போர்டு." இதைவிட நல்லா எந்த டிரைவிங் ஸ்கூலும் சொல்லித்தராது. தானே உண்டாக்குன குறிப்பு தனக்கு ஒட்டும். இன்னொருத்தர் கொடுத்த குறிப்பு, மனப்பாடம் பண்ண இன்னொரு சுமை.

இந்த வடிவக் கணக்குல ரெண்டு விதிவிலக்கு. 'நில்' போர்டு எட்டு மூலை. 'வழி விடு' தலைகீழ் முக்கோணம். ரெண்டும் எச்சரிக்கை இல்ல, உத்தரவு. "கவிழ்ந்த அடுப்பு"ன்னு பேர் வெச்சுக்கிட்டாங்க.

அடுத்தது, குழப்புற ஜோடிகள். தேர்வுல ஆளைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் இதுதான். குறுக்கே ஒரு கோடு போட்ட வட்டம் 'பார்க்கிங் இல்லை'. ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி போட்டா 'நிற்கவே கூடாது'. தனித்தனியா படிச்சா ரெண்டும் தெரியும், பக்கத்துல வெச்சா மாறிடும். அதனால பக்கத்துல வெச்சேதான் படிக்கணும். "ஒரு கையை ஆட்டினா வண்டியை விட்டுட்டுப் போகாதேன்னு அர்த்தம். ரெண்டு கையையும் குறுக்கே கட்டிக்கிட்டா ஒரு நிமிஷம்கூட நிக்காதேன்னு அர்த்தம்." இதுவும் அவங்க சொன்னதுதான். வளைவு போர்டுகளுக்கு ஒரே விதி: அம்பைக் கீழ இருந்து மேல பாருங்க. கீழ்முனைதான் நீங்க நிக்கிற இடம். முதல்ல எந்தப் பக்கம் திரும்புதோ அதுதான் போர்டோட பேர்.

பிறகு, மனசுக்குள்ள ஒரு பயணம். ஜமுனாமரத்தூர்ல இருந்து போளூர் வரைக்கும் அவங்க முப்பது வருஷமா பஸ்ஸுல போன ரோடு. கண்ணை மூடினா ஒவ்வொரு வளைவும் வரும். அந்த இடங்கள்ல ஒவ்வொரு போர்டையா நட்டு வெச்சாங்க. இது ரொம்பப் பழைய உத்தி. 1989-ல கிளீகல், ஸ்மித், பால்ட்டஸ்னு மூணு ஆய்வாளர்கள் முதியவங்களுக்கு இதைப் பழக்கிப் பாத்தாங்க. ஞாபகத் திறன் நல்லாவே கூடுச்சு. ஆனா அதே பயிற்சி கொடுத்த இளைஞர்கள் இன்னும் முன்னாடி போயிட்டாங்க. வயசு ஒண்ணுமே பண்ணாதுன்னு நானும் பொய் சொல்லப் போறதில்ல. வயசு வேகத்தைக் குறைக்கும். கத்துக்கிற கதவைச் சாத்தாது.

இங்க ஒரு சறுக்கல் நடந்துச்சு. பத்து நாள் கழிச்சு வந்து வரிசையா கடகடன்னு ஒப்பிச்சாங்க. நான் நடுவுல இருந்து ஒண்ணைக் காட்டினேன். முழிச்சாங்க. மனசுக்குள்ள போளூர் ரோட்டுல முதல்ல இருந்து பயணம் பண்ணிட்டு வந்தாத்தான் பதில் வருது. வரிசை ஞாபகம் இருக்கு, போர்டு ஞாபகம் இல்ல. ரோட்டுல போர்டு வரிசையா வராது. யோசிக்க நேரமும் தராது. சீல், உத்தரவு, என்ன உத்தரவுன்னு மூணு படி ஏறி இறங்குறதுக்குள்ள வளைவு முடிஞ்சிருக்கும். ஞாபகக் குறிப்பு ஒரு ஏணி. ஏறின பிறகு அது தேவைப்படக்கூடாது.

அதனால அட்டை செஞ்சோம். பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் அறுபது படம். பேத்தி சீட்டு மாதிரி கலைச்சுக் காட்டணும், ஒரு நாளைக்குப் பத்துதான். தப்பானது மறுநாள் வரும். சரியானது மூணு நாள் கழிச்சு, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வரும். 'ஒண்ணு, ரெண்டு'ன்னு பேத்தி எண்ணுறதுக்குள்ள பதில் வந்தாத்தான் அந்த அட்டை தேறினதா கணக்கு.

ரோடு விதிகளுக்குக் குறிப்பே வேணாம், காரணம் போதும். குறுகலான மலை ரோட்டுல இறங்குற வண்டி நின்னு, ஏறுற வண்டிக்கு வழி விடணும். ஏன்? ஏத்தத்துல நின்னா பாரத்தோட மறுபடி கிளப்புறது கஷ்டம், பின்னாடி உருளும். இதைச் சொல்லி முடிக்கல, அம்மா சிரிச்சாங்க. "விறகுக் கட்டு தூக்கிட்டு ஏறுறவளுக்கு இறங்குறவ ஒதுங்கி நிப்பா. இதுக்கு எதுக்கு சார் புத்தகம்?" இந்த விதியைத்தான் ரெண்டு தடவையும் தப்பா போட்டிருக்காங்க.

இப்ப என் சக மருத்துவர்களுக்கு. படிவம் 1ஏ-வைப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க. 25 மீட்டர்ல நம்பர் பிளேட் தெரியுதா, சிவப்பு பச்சை பிரிக்க முடியுதா, மாலைக்கண் இருக்கா, காது கேக்குதான்னு அந்தப் படிவமே கேக்குது. எங்க ஆஸ்பத்திரி வாசல்ல 25 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சிருக்கேன். அந்த அம்மாவுக்கு முன்னாடி வந்த ஒரு பெரியவர், "போர்டு எதுவும் ஞாபகம் நிக்கல"ன்னார். படத்தைக் கிட்டக் காட்டினா டக்குனு சொன்னார். தள்ளி வெச்சா தெரியல. மறதி இல்ல, கண்புரை! ஆபரேஷனுக்கு அனுப்பி வெச்சேன். இன்னும் சிலர் சளி, அரிப்புக்குன்னு கடையில வாங்கித் தினம் ஒரு மாத்திரை போடுவாங்க. மந்தம் அதுல இருந்து வரும். பழி வயசு மேல விழும். அதே மாதிரி நிஜமாவே தெரிஞ்ச வழியில தடுமாறுறவங்களும் வருவாங்க. அவங்களை எந்த ஞாபக உத்தியாலயும் டிரைவர் ஆக்கக் கூடாது. கையெழுத்துப் போடாம இருக்கவும் நமக்குத் தெரியணும்.

மூணாவது தடவை அம்மா பாஸ். தம்பி மகன்தான் போன் பண்ணிச் சொன்னான், கொஞ்சம் அசடு வழிஞ்சுகிட்டே.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் முடிஞ்சுது. அடுத்த வாரம் 'எச்' போடணும். முன்னாடி ஓட்டுறது பிரச்சனை இல்லையாம். ரிவர்ஸ்லதான் கழுத்து திரும்ப மாட்டேங்குது, தோளோட சேந்து உடம்பே திரும்புது. கழுத்துக்கு ரெண்டு பயிற்சி கொடுத்து, காலையில பத்து, சாயந்திரம் பத்துன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.