செஞ்சோற்றுக் கடனும் ஆராய்ச்சியும்

ஆஸ்பத்திரியையோ பள்ளிக்கூடத்தையோ தொழிற்சாலையையோ உள்ளே புகுந்து ஆராய விரும்புகிறவர்களுக்கு ஓர் உபதேசம் எப்போதும் தயாராக இருக்கிறது. "முதலில் எப்படியாவது நுழைந்துவிடு. கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடு. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." கதவைத் திறந்துவிட்டவரிடம் நிபந்தனை பேசுவது உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். நான் இதை முழுக்க மறுக்கிறேன். பேச வேண்டிய இடம் வாசற்படிதான். உள்ளே போய்ப் பத்து மாதம் அவர்களுடைய காப்பியைக் குடித்த பிறகு யாருக்கும் நாக்கு எழும்பாது.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-56இல் வாஷிங்டன் நகரில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தார். அன்று அது மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி. அப்போது ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். விளையாட்டுப் பகுதித் தலைவருக்கு உதவியாளர் என்ற பெயரில் நாள் முழுவதும் நோயாளிகளோடு திரிந்தார். அதிலிருந்து 1961இல் வந்த 'அசைலம்ஸ்' என்ற புத்தகம் எந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்தையும் நெளிய வைக்கக்கூடியது. அப்படியானால் நிர்வாகத்தை ஏமாற்றி நுழைந்தாரோ? இல்லை. அவர் வந்த காரியம் மேலதிகாரிகளுக்குத் தெரியும். எந்தக் கதவைக் கேட்டாலும் திறந்துவிட அவர்கள் சம்மதித்திருந்தார்கள்.

சூட்சுமம் ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் புத்தகத்தின் முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். அச்சுக்குப் போகுமுன் படித்து விமர்சிக்கும் உரிமை ஆஸ்பத்திரிக்கு உண்டு. வெட்டவோ தடுக்கவோ உரிமை கிடையாது. வெளியிட அனுமதி தரும் அதிகாரம் தேசிய மனநல ஆராய்ச்சி நிலையத்தின் கையில் இருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அந்த நிலையத்தின் ஆய்வுக்கூடந்தான், ஆஸ்பத்திரி அல்ல. சோறு ஓரிடம், கதவு வேறிடம்! செஞ்சோற்றுக் கடனைப் பற்றிப் பேசுகிற நண்பர்கள் இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

"படித்துப் பார்க்கலாம், ஆனால் தடுக்கக் கூடாதா? இது என்ன வார்த்தை ஜாலம்?" என்று கேட்பார்கள். ஜாலமே இல்லை. வார்டுக் கதவை ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று நான் எழுதி, உண்மையில் பூட்டுவது ஏழு மணிக்கு என்றால், சூப்பரின்டென்டென்ட் சொல்லட்டும், நன்றியோடு திருத்துகிறேன். பூட்டுகிறார்கள் என்பதையே எழுதாதே, எங்கள் பெயர் கெடும் என்றால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எழுதியதை எழுதியபடியே அனுப்புவேன். முன்னது விமர்சனம், பின்னது தடை. செயின்ட் எலிசபெத்ஸின் தலைவர் டாக்டர் ஓவர்ஹோல்சர் கைப்பிரதியைப் பார்த்தார். அப்பட்டமான தகவல் பிழைகள் சிலவற்றைத் திருத்தினார். உம்முடைய நோக்கையும் முறையையும் வெளிப்படையாகச் சொல்லும் என்றார். புத்தகத்துக்கு அதனால் லாபம். ஆகவே "நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று கடிதத்தில் ஒரு வரி வந்தால், அதை அடித்துவிட்டு, "கைப்பிரதியை முப்பது நாள் வைத்திருந்து பிழைகளை எழுத்தில் தெரிவிக்கலாம், முடிவு ஆசிரியருடையது" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மறுத்தால் வேறு ஆஸ்பத்திரியைத் தேட வேண்டியதுதான். அதில் ஒரு வருஷம் வீணாகலாம். அந்த விலையை மறைத்துப் பேச நான் தயாரில்லை.

கடிதம் சரியாக இருந்தும் சுதந்திரம் பறிபோவதுண்டு. அது வராந்தாவில் நடக்கிறது. "அந்தப் பதினேழாம் நம்பர் உங்களிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தானே, என்ன சமாசாரம்?" என்று நர்ஸம்மா பிரியமாகத்தான் கேட்பாள். ஒரு தடவை பதில் சொன்னால் போதும், ஆராய்ச்சிக்காரர் ஒற்றராகிவிட்டார். மறுநாளே நோயாளிகள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள், அல்லது வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். காஃப்மன் இதையும் வாசலிலேயே பேசி முடித்திருந்தார். அடையாளம் தெரியக்கூடிய எந்த ஊழியரைப் பற்றியும் நோயாளியைப் பற்றியும் தாம் கண்டதை ஒருவரிடமும் சொல்வதில்லை என்பது ஒப்பந்தம். ஊழியர்களோடு உறவாடுவதைத் தவிர்த்தார். இடுப்பில் சாவியும் வைத்துக்கொள்ளவில்லை. மனநோய் ஆஸ்பத்திரியில் சாவி என்பது வெறும் இரும்பா? அது யாரிடம் இருக்கிறதோ அவர் அந்தப் பக்கம்.

இத்தனை சொல்லியும், அந்த ஒப்பந்தத்தில் ஒரு குறையை நான் காண்கிறேன். பேசி முடித்தவர்கள் ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக்காரரும். ஏழாயிரம் நோயாளிகள் அதில் இல்லை. கதவுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் உள்ளே இருப்பவரும் சம்மதித்ததாக ஆகிவிடுமா? இன்று ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் நோயாளியின் சம்மதத்தைத் தனியாகக் கேட்கின்றன, நியாயம். ஆனால் அங்கேயும் காவற்காரர் புகுந்துவிடுகிறார். தலைமை நர்ஸ் வரிசையில் உட்கார வைத்து, "பெரிய டாக்டர் சரியென்று சொல்லிவிட்டார், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றால், எந்த நோயாளி மாட்டேன் என்பான்? அவனைத் தனியே, வெள்ளை உடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொன்னவர்கள் யார் யார் என்பது அந்த நர்ஸம்மாவுக்குக் கடைசிவரை தெரியக் கூடாது.