டிடூப்பை அணைத்தே வையுங்கள்

"வட்டில் இடம் போதவில்லையா? இசட்எஃப்எஸ்ஸில் டிடூப்பைப் போட்டுவிடு. ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ரேம் இருந்தால் போதும்." சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் மத்தியில் இந்த யோசனை சர்வ சாதாரணம். சிலர் தாராளமாக 5 ஜிபி என்பார்கள். இரண்டுமே கண்மூடிக் கணக்கு. ரேமைத் தின்பது பிளாக்குகளின் எண்ணிக்கை; டெராபைட்டை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

டிடூப் போட்டால், தனித்தனியான ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அட்டவணையில் பதிவு விழும். ஒரு பதிவு ரேமில் ஏறத்தாழ 320 பைட் பிடிக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. மெய்நிகர் கணினிகளின் வட்டுகளாக 4 டெராபைட் தரவு, 16 கேபி பிளாக்குகளில் இருப்பதாக வைப்போம். மொத்தம் சுமார் 27 கோடி பிளாக். டிடூப் விகிதம் 1.25 என்றால் அதில் தனித்தவை 21 கோடிக்கு மேல். அவற்றைப் பதிந்துவைக்க 64 ஜிபி ரேம் வேண்டும். மிச்சமானதோ 800 ஜிபி வட்டு. எது விலை அதிகம் என்று நீங்களே பாருங்கள். பிளாக் 128 கேபியாக இருந்தால் அட்டவணை எட்டில் ஒன்றாகச் சுருங்கும்தான். ஆனால் அவ்வளவு பெரிய துண்டுகள் ஒன்றுபோல அமைவது அரிது.

ரேம் பற்றாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. அட்டவணை வட்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் வட்டில் அங்குமிங்கும் தேட வேண்டியிருக்கும். சுழலும் வட்டென்றால் சர்வர் தவழும். அப்போது பதறி `dedup=off` என்று கொடுத்தாலும் அது இனி எழுதுவதற்குத்தான்; பழைய பிளாக்குகளின் பதிவுகள் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்கவும் அதே அட்டவணையைத்தான் புரட்ட வேண்டும். 2025இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 அட்டவணைக்கு உச்சவரம்பு வைக்க விடுகிறது. வலி குறைகிறது, கணக்கு மாறவில்லை.

சுருக்கத்தை இதோடு சேர்த்துப் பயப்படுவது இன்னொரு அபத்தம். எல்இசட்4 ஒவ்வொரு பிளாக்கையும் தனியாகச் சுருக்குகிறது, எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சுருங்காத பிளாக்கைப் பாதியிலேயே கைவிட்டுவிடும். பட்டர்எஃப்எஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு: அங்கே எழுதும்போதே டிடூப் நடப்பதில்லை. `duperemove` போன்ற கருவியைப் பிறகு ஓட்டலாம். அது முடிந்ததும் ரேம் திரும்பிவிடும்.

டிடூப் யாருக்குமே ஆகாது என்று சொல்லவில்லை. ஒரே தரவு பல மடங்கு திரும்பத் திரும்ப எழுதப்படும் இடத்தில் அது செலவை ஈடுகட்டும். உங்கள் தரவு அப்படிப்பட்டதா என்பதை டிடூப் போடாமலே அறியலாம்:

```
zdb -S tank
```

`tank` இருக்கும் இடத்தில் உங்கள் பூலின் பெயரைக் கொடுங்கள். இந்தச் சோதனையே ரேம் கேட்கும், நேரமும் எடுக்கும். ஆளில்லாத நேரத்தில் ஓட்டுங்கள். கடைசி வரியில் `dedup = 1.25` போல ஏதாவது வந்தால் `compression=lz4` மட்டும் போட்டுவிட்டு, ரேமுக்கு ஒதுக்கிய காசில் இன்னொரு வட்டு வாங்குங்கள்.