சீர்த்தட்டில் வைக்கப்படாத பரிசு

பூப்பு நீராட்டு விழாவில் பரிசு பெறுபவர் யார்? அழைப்பிதழில் இருப்பது சிறுமியின் பெயர். ஆனால் மண்டப வாசலில் மேசை போட்டு எழுதப்படும் மொய் நோட்டில் அவள் பெயர் எங்கும் இராது. இன்னார் இவ்வளவு என்று எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அவளுடைய பெற்றோர் முன்பு யாருக்கோ செய்ததன் திரும்பல், அல்லது நாளை யாருக்கோ செய்ய வேண்டியதன் தொடக்கம். கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்று கடப்பாடுகளால் கொடை இயங்குகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். அதை விளக்க அவர் பசிபிக் தீவுகளைப் பற்றிப் பிறர் எழுதியவை வரை தேடிப் படித்தார். மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு சடங்கு வீட்டின் மொய் மேசையருகே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

தாய்மாமன் சீர் இதிலும் அடர்த்தியானது. குச்சு கட்டுவதற்குப் பச்சை ஓலை கொண்டுவருவது முதல் பட்டும் நகையும் பழத்தட்டுகளுமாக ஊர்வலம் வருவது வரை மாமன் செய்வதெல்லாம் மருமகளுக்காகச் செய்வதாகத் தோன்றும். பிரமலைக் கள்ளரைப் பற்றி லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட நூல் இதை வேறு கோணத்தில் காட்டியது. ஒரு பெண் திருமணமாகிப் போன பின்னும் பிறந்த வீட்டிலிருந்து அவளை நோக்கி வரும் கொடை நிற்பதில்லை. அவள் பிள்ளைகளுக்கு மாமன் செய்யும் சீர் அதன் நீட்சி. பரம்பரைச் சொத்தில் பங்கு இல்லாத மகளுக்குப் பிறந்த வீடு தன் கடனைத் தவணை முறையில் தீர்த்த வழி என்றும் இதைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு தந்தன. சீர் குறையவில்லை. பங்கைக் கேட்காதிருப்பதற்கான மௌன விலையாகப் பல வீடுகளில் அது கூடியே இருக்கிறது. எனவே மேடையில் அணிவகுக்கும் தட்டுகளில் பெரும்பகுதி, தமக்கைக்கும் தம்பிக்கும் இடையிலான ஒரு கணக்கு. நடுவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தை அந்தக் கணக்கின் முகவரி மட்டுமே.

அவளுக்கு அங்கே என்ன நேர்கிறது? ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒருத்தி, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் தன் உள்ளாடையில் கறை கண்டு அம்மாவிடம் மட்டும் சொன்ன ஒரு செய்தி, இப்போது நானூறு பேருக்குத் தெரிந்திருக்கிறது. முச்சந்தியில் அவள் படத்தோடு பதாகை நிற்கிறது. குடும்பத்தின் வாட்சாப் குழுவில் அழைப்பிதழ் காணொளியாகச் சுற்றுகிறது. சிற்றப்பாக்களும் தெருக்காரர்களும் உடன் படிக்கும் பையனின் தந்தையும் அட்சதை போடுகிறார்கள். இந்த அறிவிப்புக்கு முன்னொரு காலத்தில் ஒரு பயன் இருந்தது: இந்த வீட்டில் மணமுடிக்கத் தக்க பெண் இருக்கிறாள் என்பதே செய்தி. பதினெட்டு வயதுக்கு முன் மணம் கூடாது என்று சட்டம் சொல்லும் நாட்டில், பன்னிரண்டு வயதில் அந்தச் செய்திக்கு வேலையே இல்லை. ஆயினும் மணக்கோலமும் மாலையும் அப்படியே தங்கிவிட்டன.

இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டும் அன்று. அசாமில் துலோனி பியா என்று ஒரு சிறிய கலியாணமே நடக்கிறது. வாழைக்கன்றை மணமகனாக வைக்கும் வழக்கமும் உண்டு. தெலுங்கு வீடுகளில் தாவணி அணிவிக்கும் விழா இன்று பெரிய மண்டபங்களுக்கு வந்துவிட்டது. ஒடிசாவின் ரஜப் பண்டிகை மட்டும் சற்று விலகி நிற்கிறது. ஆனி மாதப் பிறப்பை ஒட்டி மூன்று நாட்கள் பூமிக்கே தீட்டு என்று ஏரைத் தொடாமல் நிறுத்திவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் எல்லாரும் புத்தாடை உடுத்தி, ஊஞ்சலாடி, போட பிட்டா தின்று களிக்கிறார்கள். மகிழ்ச்சி அங்கும் அதே காரணத்தால்தான். ஆனால் எந்த ஒரு சிறுமியின் உடலும் பெயர் சொல்லி அறிவிக்கப்படுவதில்லை. ஊஞ்சலில் இருப்பவளுக்கு வயது ஒன்பதா, பதினைந்தா, அவளுக்குத் தொடங்கிவிட்டதா இல்லையா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கொண்டாட்டமே சிறுமியைக் கூச வைக்கிறது என்பார்க்கு இது ஒரு மறுப்பு. கூச வைப்பது அம்பலப்படுத்தல்.

விழாவே வேண்டுமா என்ற வழக்கு பழையது. அது இங்கே தீரப்போவதில்லை. விழா நடந்தே தீரும் என்றான பிறகு, உறவினர் ஒருவர் தனியாக முடிவெடுக்கக்கூடிய ஒரே பொருள் அவர் கொண்டுபோகும் பரிசு. அதைப் பற்றியாவது ஒழுங்காகச் சிந்திக்கலாம்.

பெங்களூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தைக்குத் தென்மாவட்டம், விழாவும் அங்கேதான். சிறுமி விழாவே வேண்டாம் என்றாள். பதின்மூன்று ஆண்டுகளாகப் போட்ட மொய் திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் கவலை, பேத்தியைப் பட்டில் பார்க்க வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. இரண்டும் சேர்ந்து அவள் சொல்லை வென்றன. அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, ஊருக்குக் கிளம்புவதற்குப் பத்து நாட்களுக்கு முன் அவளை மட்டும் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். அங்கே முதலில் கேட்ட கேள்வி, “உனக்கு என்ன வேணும்?” என்பது. வழக்கமான பதில் கிடைத்தது: “ஒண்ணும் வேணாம் சித்தி.” பிறகு கேள்வியை மாற்றினார். “அன்னைக்கு எது நடக்கக் கூடாதுன்னு நெனைக்கிற?”

இந்தக் கேள்விக்கு உடனே விடை வந்தது. பதாகை கூடாது. மஞ்சள் நீர் ஊற்றும்போது படம் எடுக்கக் கூடாது. பள்ளியில் யாருக்கும் தெரியக் கூடாது. சிறிது தயங்கி அவள் சொன்ன நான்காவது செய்திதான் பரிசைத் தீர்மானித்தது: அவளுடைய பொருள்களை இப்போது எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள். அணையாடை எத்தனை மீதம் இருக்கிறது என்று பாட்டி எண்ணுகிறார். நாள்காட்டியில் அம்மா குறித்து வைப்பதைத் தம்பி ஏனென்று கேட்கிறான். பள்ளிப்பையை அப்பா திறக்கும்போது அவளுக்கு நெஞ்சு திக்கென்கிறது.

சித்தி வாங்கியது இரண்டடி உயரத்தில் ஓர் இரும்பு அலமாரி. நடுவில் ஒரு தட்டு, பூட்டு, இரண்டு சாவிகள். கடையில் இதைக் கோப்பு வைப்பதற்கென்று விற்கிறார்கள். அது விழாவுக்கு வரவில்லை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பெங்களூர் வீட்டில் அவள் கட்டிலருகே வைக்கப்பட்டது. மொய் நோட்டில் ஏறவில்லை. யாரும் படம் எடுக்கவுமில்லை. மண்டபத்தில் சித்தி வழக்கமான ஒரு கவரை எழுதிவிட்டு வந்தார். அது அக்காவுக்குச் செய்யும் முறை. அதையும் இதையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

தகராறு இரண்டாவது சாவியில் வந்தது. அது தன்னிடம் இருக்கட்டும் என்றார் அம்மா. அவருடைய அச்சம் பொய்யானதன்று. இந்த வயதில் எதையாவது மறைத்து வைத்தால், யாராவது எதையாவது கொடுத்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டார். சித்தியின் மறுமொழி எளியது: பூட்டில்லாத வீட்டில் மறைக்க வேண்டியதை அவள் மெத்தைக்கு அடியிலோ தோழி வீட்டிலோ மறைப்பாள்; கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கும்வரை சாவி எதற்கு? இரண்டு நாள் இழுபறிக்குப் பின் இரண்டு சாவிகளும் சிறுமியிடமே போயின. இதில் அம்மா தோற்றார் என்று சொல்வது பிழை. அவருடைய சடங்கில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பதை அந்த இரண்டு நாட்களில்தான் தங்கையிடம் முதன்முறையாகச் சொன்னார்.

மாமனும் பாதி வழி வந்தார். தாவணியின் நிறத்தை அவளிடமே தொலைபேசியில் கேட்டார். அவள் கருநீலம் என்றாள், கருமை கலந்தது ஆகாதென்று ஆச்சி மறுத்தார், இறுதியில் மயில் நீலம் வந்தது. சங்கிலிக்கென்று வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியை அவள் பெயரில் வங்கியில் போட்டார். பத்து வயது நிரம்பிய சிறார் தாமே கணக்குத் தொடங்கி இயக்க 2014இலேயே ரிசர்வ் வங்கி வழி செய்துவிட்டது. பல வீடுகளுக்கு இது தெரியாது. நகையாக வருவது அம்மாவின் பெட்டகத்துக்குப் போய், பிறகு மணமேடைக்கு மட்டும் வெளியே வரும். கணக்கில் இருப்பதை அவள் பதினான்கு வயதில் ஒரு பயிற்சி வகுப்புக்கு எடுக்கலாம்.

முற்போக்கான உறவினர்களும் இங்கே சறுக்குவதுண்டு. மாதவிடாய் பற்றிய நூலை மேடையில் வைத்துக் கொடுப்பவர், அணையாடைப் பெட்டியைக் கூச்சத்தை உடைக்கிறேன் என்று கூட்டத்தின் நடுவே நீட்டுபவர், பெண் விஞ்ஞானியின் வரலாற்றைத் தந்து “நீ இவரைப் போல வரணும்” என்பவர் எல்லாரும் சிறுமியை இன்னொரு செய்திப் பலகையாகவே ஆக்குகிறார்கள். முதலது மானம் என்ற பலகை, இது விடுதலை என்ற பலகை. நூல் நல்லதாகவே இருக்கலாம். மறுநாள் அவள் அறையில் கொடுத்திருந்தால் படித்திருப்பாள். பட்டுப் பாவாடையும் கண்மையும் பூச்சடையும் அவளுக்குப் பிடித்திருந்தால் அதுவும் அவள் உணர்வுதான். அலங்காரத்தை விரும்பும் பன்னிரண்டு வயதுக்காரியை ஏமாந்தவள் என்று பார்ப்பது, ஆய்வரங்குகளில் பழகிய ஒரு கெட்ட பழக்கம்.

அலமாரியால் ஆகாதவையும் உண்டு. பதாகையை அப்பா நிறுத்திக்கொண்டார், பள்ளிக்கு அழைப்பு போகவில்லை. மஞ்சள் நீர் ஊற்றியதை மட்டும் பெரியப்பா மகன் கைப்பேசியில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். சித்தி சொல்லி அழிக்க வைப்பதற்குள் அறுபது பேர் பார்த்திருந்தார்கள். அன்று மாலை சிறுமி யாருடனும் பேசவில்லை. பெங்களூர் திரும்பியதும் தாவணியை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். மயில் நீலம் பிடித்திருந்ததாலா, பிடிக்காததாலா என்று சித்தி கேட்கவில்லை.