95 மார்க் வாங்கிய தப்பான கோடு

பி.காம் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டாடிஸ்டிக்ஸ் அசைன்மெண்டோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, R² 0.7க்கு மேல வந்தா மாடல் நல்ல மாடல். அவ்ளோதான் எழுதணும், நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு." எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வாதம் செய்வதற்குப் பதிலாக ஒரு கணக்குக் கொடுத்தேன். சதுரத்தின் பக்கம் 1 அடி முதல் 10 அடி வரை. பரப்பளவு 1, 4, 9 என்று ஆரம்பித்து 100 வரை. பரப்பளவு என்பது பக்கத்தின் வர்க்கம், அது நேர்கோடே இல்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் இதற்கு ஒரு நேர்கோடு போடு என்றேன். நீங்களும் R-ல் போட்டுப் பார்க்கலாம்:

```
x <- 1:10
y <- x^2
m <- lm(y ~ x)
summary(m)$r.squared
plot(fitted(m), resid(m))
```

கிடைத்த கோடு y = -22 + 11x. R² எவ்வளவு தெரியுமா? 0.95! அவள் நோட்ஸ்படி இது பிரமாதமான மாடல்.

இந்த 0.95 எங்கிருந்து வருகிறது? பக்கம் என்னவென்றே தெரியாமல் பரப்பளவை ஊகிக்கச் சொன்னால், எல்லாவற்றுக்கும் சராசரியான 38.5ஐத்தான் சொல்வோம். அப்படிச் சொல்வதில் வரும் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10510.5. கோட்டை வைத்துச் சொன்னால் அந்தக் கூட்டல் 528 ஆகக் குறைகிறது. அதாவது 95 சதவீதப் பிழை போய்விட்டது. R² சொல்வது இவ்வளவுதான்: சராசரியை மட்டும் வைத்து ஊகிப்பதைவிட இந்தக் கோடு எவ்வளவு தேவலை என்று. கோடு சரியான வடிவமா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

அந்தப் பதில் ரெசிஜுவலில் இருக்கிறது. உண்மை மதிப்பிலிருந்து கோடு சொன்ன மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ரெசிஜுவல். நம் கணக்கில் அவை வரிசையாக:

12, 4, -2, -6, -8, -8, -6, -2, 4, 12

படமே தேவையில்லை, படித்தாலே வளைவு தெரிகிறது. இரண்டு ஓரத்திலும் மேலே, நடுவில் கீழே. சரியான மாடலில் மிச்சம் என்பது பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும், சிந்திய கடுகு மாதிரி ஒழுங்கில்லாமல் கிடக்க வேண்டும். இப்படி வளைந்திருந்தால் உறவு நேர்கோடு இல்லை என்று அர்த்தம். இடப்பக்கம் ஒடுங்கி வலப்பக்கம் புனல் மாதிரி விரிந்தால், மதிப்பு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது என்று அர்த்தம். ஆனால் புள்ளிகள் ஏழெட்டுதான் என்றால் ஜாக்கிரதை, இல்லாத வடிவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

பக்கம் 12 அடி என்றால் நம் கோடு 110 என்கிறது. உண்மை 144. பக்கம் 1 அடி என்றால் மைனஸ் 11 சதுர அடி! அப்படி ஒரு மனையை யாராவது விற்றால் சொல்லுங்கள் :-)

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் 1903ல் வெளியிட்ட, அப்பா, மகன் உயரங்களைப் பற்றிய புகழ்பெற்ற தரவில் R² சுமார் 0.25தான். நோட்ஸ்படி குப்பைத் தொட்டி. ஆனால் அங்கே நேர்கோடு நன்றாகவே பொருந்துகிறது. அப்பாவின் உயரம் ஒரு அங்குலம் கூடினால் மகனின் உயரம் சராசரியாக அரை அங்குலம் கூடும் என்பது உருப்படியான தகவல். ஒரு தனி மகனின் உயரத்தைத்தான் துல்லியமாகச் சொல்ல முடியாது. R² குறைவு என்பதற்கு அர்த்தம் அதுதான்.

எனக்கு ஏன் சுருக்கென்றது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதாந்திரச் சரக்கு வரத்துக்கு இப்படி ஒரு கோடு போட்டேன். R² 0.9க்கு மேல். அதைக் காட்டித்தான் அடுத்த வருடத்துக்குக் கிடங்கு இடம் வாங்கினோம். கடைசி நான்கு மாதப் புள்ளிகளும் கோட்டுக்கு மேலேயே ஏறிக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. வரத்து வளைந்து மேலே போய்விட்டது. மழைக்காலத்தில் சரக்கு தார்ப்பாயின் கீழ் நனைந்தது. திட்டு எனக்கு.

R² சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெசிஜுவல் படம் போடாமல் R² மட்டும் எழுதினால் பாதி மார்க்தான் என்று வைக்கட்டும். மகள் இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறாள். நோட்ஸில் இல்லாததை எழுதியதற்கு மார்க் குறைத்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன்.