பாலீர்ப்பு காலப்போக்கில் மாறுமா? 10 ஆண்டு ஆய்வு சொல்வதும், சொல்லாததும்!

'காலேஜ்ல படிக்கும்போது ஒருத்தரைப் பிடிச்சது, இப்போ வேற மாதிரி தோணுது' என்று யாராவது சொன்னால், உடனே வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, 'அது சும்மா வயசுக் கோளாறு'. இன்னொன்று, 'இத்தனை நாள் உன்னையே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்க'. இந்த இரண்டுமே சரியா என்று சோதித்துப் பார்த்தவர், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் லிசா டயமண்ட்.

என்ன செய்தார்?

1990-களின் மத்தியில், எதிர்பாலீர்ப்பு இல்லாத இளம்பெண்களிடம் பேசத் தொடங்கினார். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், 'எந்தப் பெயரும் வேண்டாம்' என்றவர்கள் என மூன்று வகையினரும் அதில் இருந்தனர். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு அவர் நிறுத்தவில்லை. அதே பெண்களிடம் 10 ஆண்டுகளில் ஐந்து முறை பேட்டி எடுத்தார். 79 பெண்களின் தரவுகளோடு 2008-ல் முடிவுகள் வெளியாகின.

மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள், அந்த 10 ஆண்டுகளில் ஒருமுறையாவது தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரை மாற்றியிருந்தனர். செக்‌ஷுவல் ஃப்ளூயிடிட்டி, அதாவது 'பாலீர்ப்பு நெகிழ்வு' என்ற சொல் பரவலாகப் பேசப்பட இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

அப்போ ஈர்ப்பே மாறிடுச்சா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஈர்ப்பு, நடத்தை, அடையாளம் மூன்றும் வேறு வேறு. மனசுக்கு யாரைப் பிடிக்கிறது என்பது ஈர்ப்பு. யாருடன் உறவில் இருக்கிறார் என்பது நடத்தை. தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது அடையாளம்.

உதாரணத்துக்கு, 22 வயதில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்ன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தன் ஈர்ப்பில் 80 சதவிகிதம் பெண்கள் மீதுதான் என்கிறார். 30 வயதில் ஓர் ஆணைக் காதலிக்கிறார். இப்போது கேட்டால், '70 சதவிகிதம் பெண்கள் மீதுதான். ஆனா பழைய பெயர் எனக்குப் பொருந்தலை' என்கிறார். அடையாளம் மாறிவிட்டது, உறவும் மாறிவிட்டது. ஈர்ப்போ கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது.

டயமண்டின் ஆய்வில் தெரிந்ததும் ஏறக்குறைய இதுதான். இருபாலீர்ப்புள்ள பெண்களின் ஈர்ப்பு, மொத்தமாகப் பார்த்தால் ஓரளவு நிலையாகவே இருந்தது. 'இருபாலீர்ப்பு என்பது ஒரு ஸ்டேஜ், தானா போயிடும்' என்ற வாதமும் அடிபட்டது. அந்த அடையாளத்தை விட்டவர்களைவிட, புதிதாக ஏற்றவர்களே அதிகம்.

எல்லோருக்கும் இது பொருந்துமா?

அப்படிச் சொல்ல முடியாது. 79 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அவர்கள் தாமாக முன்வந்து பேசிய அமெரிக்கப் பெண்கள். ஆண்கள் அதில் இல்லை.

2012-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 2,560 அமெரிக்கர்களின் பதில்களை 10 ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டது. அடையாளத்தை மாற்றிச் சொன்னவர்கள் சுமார் 2 சதவிகிதம் மட்டுமே. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால், அந்தப் பிரிவுகளில் இருந்தவர்களே மிகக் குறைவு என்பதால், அந்தச் சதவிகிதங்களை அப்படியே நம்ப முடியாது. அதோடு, கேட்கப்பட்டது அடையாளம்தான். பதில் மாறியதற்குக் காரணம் ஈர்ப்பு மாறியதா, வெளிப்படையாகச் சொல்லத் துணிவு வந்ததா என்பதை அது பிரித்துக் காட்டாது.

'மாறும்னா, மாத்திடலாமே?'

வீட்டில் எழும் ஆபத்தான கேள்வி இது. தானாக நகர்வதும், இன்னொருவர் கட்டாயப்படுத்தி மாற்றுவதும் ஒன்றல்ல. நெகிழ்வைச் சந்தித்த பெண்கள் திட்டம் போட்டு மாறவில்லை. எதிர்பாராமல் நடந்தது என்றே சொன்னார்கள். தன் ஆய்வை 'மாற்று சிகிச்சை' ஆதரவாளர்கள் திரித்துப் பயன்படுத்தியதை டயமண்ட் வெளிப்படையாகக் கண்டித்தார்.

முயற்சி செய்தால் மாற்றலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, 2003-ல் ராபர்ட் ஸ்பிட்சர் வெளியிட்ட ஆய்வு. 200 பேர் தாங்களே சொன்னதை மட்டும் நம்பி எழுதப்பட்டது அது. அவர்கள் சொன்னது உண்மையா என்று சோதிக்க வழியில்லை எனச் சொல்லி, 2012-ல் ஸ்பிட்சரே மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே 2009-ல், இத்தகைய முயற்சிகள் பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை, தீங்கு நேரலாம் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இது சட்டம் தொட்ட விஷயம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவரீதியாக மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. எனவே, 'நாலு கவுன்சலிங் சிட்டிங்ல மாத்திடலாம்' என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர்மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் அளிக்கலாம்.