டோக்கன் மேல் பழி போடாதீர்கள்

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி அரசுத் தளத்தில் நுழையப் போனால், "டோக்கன் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறது. என் கட்சி இதுதான்: அந்த வரி பெரும்பாலும் பொய். அதை நம்பி ஜனங்கள் காசைக் கொட்டுகிறார்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இணையதளத்தால் உங்கள் யு.எஸ்.பி. டோக்கனை நேரடியாகத் தொட முடியாது. அந்தக் காலத்தில் ஜாவா ஆப்லெட் அந்த வேலையைச் செய்தது. அந்த மாதிரி ப்ளக்-இன்களுக்கான வழியை குரோம் 2015 செப்டம்பரில் ஒரேயடியாக மூடிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு, உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு சின்ன புரோகிராம். பிரவுசர் அதனுடன் பேசும், அது டோக்கனுடன் பேசும். ஜி.எஸ்.டி. தளத்துக்கான emSigner இந்த வகைதான். அது உங்கள் கணினிக்குள்ளேயே 1585 என்ற போர்ட்டில் காத்திருக்கும்.

ஆக சங்கிலியில் மூன்று கண்ணிகள்: டோக்கனும் அதன் டிரைவரும், நடுவில் இருக்கும் புரோகிராம், பிரவுசர். எது அறுந்தாலும் திரையில் வருவது அதே ஒரு வரி.

நாக்பூரில் எங்கள் கிளையில் கடன் வாங்கியிருக்கும் ஒரு சிறு தொழிற்சாலைக்காரர், லிமிட் புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் ஒரு மத்திய அரசுத் தளத்தில் நுழைய முடியாமல் நின்றார். டோக்கன் செத்துவிட்டது என்றாராம் விற்றவர். புது டோக்கன், புது சர்டிபிகேட், வீடியோ சரிபார்ப்பு என்று இரண்டாயிரம் ரூபாய் செலவு. செருகினால் மறுபடி அதே வரி! "சார், ரெண்டுமே கெட்டுப்போச்சா?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு டோக்கனும் ஒரே மாதிரி தோற்றால் கோளாறு டோக்கனில் இருக்க வாய்ப்பு குறைவு. இது சாதாரணக் கணக்கு.

அவர் லேப்டாப்பை வாங்கி வரிசையாகப் பார்த்தோம். டோக்கனுடன் வந்த மென்பொருளைத் திறந்தால் பழைய சர்டிபிகேட் பெயர், காலாவதித் தேதியுடன் ஜம்மென்று தெரிந்தது. முதல் கண்ணி சரி. அடுத்து, நடுப் புரோகிராமின் முகவரியைப் புது டேபில் அடித்தோம். emSigner என்றால் இப்படி இருக்கும்:

```
https://127.0.0.1:1585
```

"This site can't be reached" என்று வந்தது. புரோகிராம் ஓடவே இல்லை என்று அர்த்தம். அதை Run as administrator கொடுத்து ஓடவிட்டு மறுபடி பார்த்தால், இப்போது "Your connection is not private". இது முன்னேற்றம்தான்! புரோகிராம் ஓடுகிறது, அது தானே தயாரித்துக்கொண்ட சர்டிபிகேட்டைப் பிரவுசர் நம்ப மறுக்கிறது, அவ்வளவுதான். Advanced, பிறகு Proceed to 127.0.0.1 (unsafe) கொடுத்ததும் பழைய டோக்கனிலேயே உள்ளே போய்விட்டார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் ஒரு அடிகூட முன்னே போகாதீர்கள் என்று கவுண்டரில் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறோம். இங்கே வேலை நடக்க வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். 127.0.0.1 என்பது உங்கள் சொந்தக் கணினி, அதனால் அங்கே மட்டும் தாண்டலாம். வேறு எந்த முகவரிக்கும் இதைச் செய்யாதீர்கள். ஆனால் இந்த வித்தியாசத்தை யார் விளக்குகிறார்கள்? விரல் பழகிவிட்டால் நாளைக்குப் போலி வங்கித் தளத்திலும் அதே பொத்தானைத்தான் அழுத்தும்.

இன்னொரு ஆபத்து. காரணம் தெரியாதவர்கள் பின் நம்பர் தப்போ என்று மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். சில தடவை தப்பினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அதை அழித்துத் திறந்தால் உள்ளே இருக்கும் சாவியும் போச்சு. அப்போது நிஜமாகவே புது சர்டிபிகேட் வாங்கத்தான் வேண்டும்.

இதைத் தீர்க்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். நடுப் புரோகிராம் பதில் சொன்னதா இல்லையா என்பது தளத்துக்குத் தெரியும். பதில் சொன்னால், டோக்கன் இருக்கிறதா என்று அதையே கேட்டுக்கொள்ளலாம். "உதவிப் புரோகிராம் ஓடவில்லை", "டோக்கன் செருகப்படவில்லை", "இந்த சர்டிபிகேட் எங்களிடம் பதிவாகவில்லை" என்று மூன்று தனி வரிகள் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் வங்கியில் ஒரு காசோலையைத் திருப்பினால்கூடக் காரணம் எழுதித்தான் திருப்ப வேண்டும். "செல்லாது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா?