புரோகிரசிவ் கண்ணாடி: பெயருக்குக் காசா, அளவுக்குக் காசா?

அண்மையில் கிள்ளானில் உள்ள எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கணக்கர் வந்தார். வேறொரு கடையில் வாங்கிய புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, இது டிஜிட்டல் லென்ஸ்னு சொல்லித்தான் கூடுதலா காசு வாங்கினாங்க. அப்புறம் ஏன் நான் கணினி முன்னால உட்கார்ந்து கோழி மாதிரி கழுத்தை ஆட்டிக்கிட்டு இருக்கேன்?”

நியாயமான கேள்வி. பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘டிஜிட்டல்’, ‘ஃபிரீஃபார்ம்’ என்ற பெயர்களுக்குக் கொடுக்கும் பணம் சிலருக்கு முழுப் பயன் தரும். பலருக்கு அந்தப் பயன் கண்ணுக்கே தெரியாது. இந்தக் கணக்கருக்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த வில்லை அல்ல. சரியான சட்டமும் சரியான அளவும்தான்.

புரோகிரசிவ் வில்லையின் மேற்பகுதியில் தூரப்பார்வைக்கான சக்தி இருக்கும். கீழ்ப்பகுதியில் வாசிப்புக்கான சக்தி இருக்கும். இரண்டுக்கும் நடுவே சக்தி படிப்படியாக ஏறும் ஒடுங்கிய பாதையை நாங்கள் காரிடார் என்போம். இங்கே இடைவழி என்றே வைத்துக்கொள்வோம். கணினித் திரை, காரின் மீட்டர், கடை அலமாரியில் உள்ள விலைச்சீட்டு எல்லாவற்றையும் நாம் இந்த இடைவழி வழியாகத்தான் பார்க்கிறோம். அதன் இருபுறமும் மங்கல் இருக்கும். அது செய்நேர்த்திக் குறை அல்ல. கோடு தெரியாமல் சக்தியை ஏற்றும் எந்த வளைபரப்பிலும் அது வந்தே தீரும்.

எவ்வளவு மங்கல் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மிங்க்விட்ஸ் 1963-இல் அதை நிறுவினார். இடைவழியில் கீழ்நோக்கி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சக்தி எந்த வேகத்தில் ஏறுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் மங்கல் ஏறும். அதாவது இடைவழியைக் குட்டையாக்கினால் அது ஒடுங்கியும் போகும்.

அந்தக் கணக்கரின் அளவையே எடுத்துக்கொள்வோம். தூரத்துக்கு +0.50 டயாப்டர், வாசிப்புக்குக் கூடுதலாக 2.00 டயாப்டர். இடைவழி 14 மி.மீ. என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 0.14 டயாப்டர் ஏறும். பக்கவாட்டு மங்கல் மில்லிமீட்டருக்குச் சுமார் 0.29. அரை டயாப்டர் மங்கலைப் பெரும்பாலான கண்கள் பொறுத்துக்கொள்ளும் என்று கொண்டால், தெளிவான அகலம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். அவர் வாங்கிய சட்டமோ அழகான, உயரம் குறைந்த சட்டம். அதற்குள் வாசிப்புப் பகுதியை அடக்க 10 மி.மீ. இடைவழியைப் போட்டிருந்தார்கள். அதே கணக்கைப் போட்டால் அகலம் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். 60 செ.மீ. தள்ளியிருக்கும் திரையில் அதைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றரை மில்லிமீட்டர் அங்கே சுமார் 8 செ.மீ. அகலமாக விரியும், இரண்டரை மில்லிமீட்டர் 6 செ.மீ.கூட வராது. நாள் முழுவதும் எண்களின் வரிசைகளைப் பார்க்கும் ஒருவர் ஆறு சென்டிமீட்டர் சன்னல் வழியே திரையைப் பார்த்தால் கழுத்தை ஆட்டாமல் என்ன செய்வார்?

இங்கேதான் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஃபிரீஃபார்ம் எந்திரம் மிங்க்விட்ஸ் கணக்கை மீறாது. மங்கலை இங்கிருந்து அங்கே நகர்த்தலாம், பரவலாக்கி மென்மையாக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது. ‘இடைவழி குட்டை, ஆனால் அகலம்’ என்று விளம்பரம் சொன்னால், வேறெங்கோ எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படியானால் ஃபிரீஃபார்ம் எதற்கு? பழைய முறையில் புரோகிரசிவ் வளைவு வில்லையின் முன்பக்கத்தில் அச்சிலேயே வார்க்கப்பட்டு வரும். அடிப்படை வளைவுகள் சில மட்டுமே இருக்கும். பட்டறையில் பின்பக்கத்தை மட்டும் உங்கள் எண்ணுக்கு ஏற்பக் கடைவார்கள். ஒரே முன்பக்கம் பல எண்களுக்குப் பொதுவாகப் பயன்படுவதால், அது எந்த எண்ணை மனத்தில் வைத்து வரையப்பட்டதோ அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். புது முறையில் கணினி இயக்கும் வைரமுனை, பெரும்பாலும் பின்பக்கத்தில், வளைவைப் புள்ளி புள்ளியாகச் செதுக்குகிறது. உங்கள் எண், சட்டத்தின் சாய்வு, வில்லைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்து ஒவ்வொரு புள்ளியையும் திருத்த முடியும்.

‘முடியும்’ என்பதைக் கவனியுங்கள். ஃபிரீஃபார்ம் என்பது கடையும் முறையின் பெயர். பழைய வடிவத்தையே அந்த எந்திரத்தில் போட்டும் வெட்டலாம். பெட்டியில் பெயர் இருக்கும். உங்களுக்கான திருத்தம் இருக்காது.

திருத்தம் யாருக்குத் தெரியும் என்பதற்கு இன்னொரு வாடிக்கையாளரைச் சொல்கிறேன். அவர் ஒரு வயர்மேன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். எண் −6.00. காற்றுக்கும் தூசிக்கும் தடுப்பாக முகத்தைச் சுற்றி வளையும் சட்டம்தான் வேண்டும் என்பார். அப்படிப்பட்ட சட்டத்தில் வில்லை 15 பாகை திரும்பி நின்றால், அவருடைய எண்ணுக்கு 0.4 டயாப்டருக்கும் சற்று அதிகமான சிலிண்டர் தானாகவே சேர்ந்துவிடும். மருந்துச்சீட்டில் இல்லாத சிலிண்டர் அது. அதே சட்டத்தை +0.50 எண் உள்ள நம் கணக்கர் போட்டால் சேர்வது 0.04 டயாப்டர்கூட இல்லை. கண்பரிசோதனையில் மாற்றும் மிகச்சிறிய படியே 0.25 தான்.

வயர்மேனுக்குப் பழைய வகையைக் கொடுத்தபோது, “ஓரத்துல எல்லாம் இழுக்குது அண்ணே, கண்ணாடியில பார்க்கும்போது பின்னால வர்ற கார் தெளிவா இல்ல,” என்றார். சட்டத்தின் வளைவை அளந்து, அதற்குத் திருத்திய ஃபிரீஃபார்ம் வில்லை போட்டதும் குறை பெருமளவு போய்விட்டது. அவர் கொடுத்த கூடுதல் காசு வீணாகவில்லை.

ஆகவே வித்தியாசத்தை உணர்பவர்கள் யார்? எண் பெரிதாக உள்ளவர்கள், சிலிண்டர் அதிகம் உள்ளவர்கள், அதிலும் சிலிண்டரின் அச்சு குறுக்காகச் சாய்ந்திருப்பவர்கள், இரு கண்ணுக்கும் எண் வெகுவாக மாறுபடுகிறவர்கள், வளைந்த சட்டம் அணிகிறவர்கள். தூர எண் ஏறத்தாழ பூஜ்யமாக இருந்து, சிலிண்டர் இல்லாமல், சாதாரணச் சட்டம் அணிபவர் இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டாலும் பெரிதாக வேறுபாடு காணமாட்டார். அந்தக் கணக்கர் இந்த இரண்டாம் வகை.

அவருக்கு நாங்கள் செய்தது எளிது. உயரமான சட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். பாப்பாவின் நடுவிலிருந்து சட்டத்தின் அடி வரை 22 மி.மீ. கிடைத்தது. 14 மி.மீ. இடைவழி உள்ள சாதாரண வகை வில்லையைப் போட்டோம். விலை முன்பு கொடுத்ததைவிடக் குறைவு. திரை எளிதாகிவிட்டது என்றார். வாசிப்புக்குத்தான் கண்ணை இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருந்தது. வில்லையில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, கண் ஏறக்குறைய இரண்டு பாகை தாழ வேண்டும். பத்து மில்லிமீட்டருக்கு 20 பாகை என்றால் பதினான்குக்கு 27 பாகை. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும். புத்தகமும் கைப்பேசியுமே பொழுது என்றிருப்பவருக்குக் குட்டை இடைவழிதான் பிடிக்கும். அவரிடம் நீளமானதைத் திணிப்பதும் தவறு. எட்டு மணிநேரமும் திரையே கதி என்பவருக்கோ, திரைக்கும் மேசைக்கும் என்றே செய்யப்படும் தனிக் கண்ணாடி எந்தப் புரோகிரசிவ் வில்லையையும் மிஞ்சும் என்பதையும் அவரிடம் சொல்லியே அனுப்பினேன்.

ஃபிரீஃபார்ம் முறையை ஆதரிப்பவர்கள் ஒரு நல்ல வாதத்தை முன்வைப்பார்கள். பழைய வகை ஓரிரண்டு இடைவழி நீளத்தில் மட்டுமே கிடைக்கும். புதியதில் சட்டத்துக்கு ஏற்ற நீளத்தைக் கேட்டு வாங்கலாம். உண்மைதான். என்னைக் கேட்டால், சிறிய எண் உள்ளவருக்குப் புது முறை தரும் பெரிய நன்மையே அதுதான். ஆனால் கடைக்காரர் அந்த நீளத்தைக் கேட்டுத் தேர்வு செய்தால்தானே நன்மை? சட்டத்தைக் காட்டி, ‘தானாகவே பொருந்தும்’ என்று விட்டுவிட்டால், குட்டைச் சட்டத்துக்குக் குட்டை இடைவழிதான் வந்து சேரும்.

புதுக் கண்ணாடி தொந்தரவு தந்தால் வில்லையைக் குறை சொல்வதற்கு முன் வீட்டிலேயே பார்க்கலாம். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் தெரியும். இரண்டு வில்லையிலும் அவை ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தூரத்தைப் பார்க்க முகவாயைத் தாழ்த்த வேண்டியிருந்தால் வில்லை உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். திரையைப் பார்க்க முகவாயை அதிகம் உயர்த்த வேண்டியிருந்தால் தாழ்வாகப் பொருத்தியிருக்கலாம், அல்லது இடைவழி உங்களுக்கு நீளம். வாசிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் தெளிவு என்றால், கண்ணுக்குக் கண் தனித்தனியாக எடுக்க வேண்டிய அளவு தவறியிருக்கலாம். இவற்றில் எதையும் விலையுயர்ந்த வில்லை சரிசெய்யாது. தவறான இடத்தில் உட்கார்ந்த ஃபிரீஃபார்ம் வில்லையைவிடச் சரியான இடத்தில் உட்கார்ந்த பழைய வில்லை மேல்.

வாங்கப் போகும்போது மூன்றே கேள்விகள் போதும். என் சட்டத்தில் பாப்பா உயரம் எத்தனை மில்லிமீட்டர்? இடைவழி எத்தனை, அதை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? சட்டத்தின் சாய்வையும் வளைவையும் அளந்து பட்டறைக்கு அனுப்புவீர்களா? இடைவழியை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு மாதிரி அளப்பதால், இரு நிறுவனங்களின் எண்களை ஒப்பிட்டுப் பேரம் பேச வேண்டாம். காரணத்தை மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், உங்களுக்கென்று திருத்தியதாகச் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அளவுகோலை எடுக்காமல் விலைப்பட்டியலை மட்டும் நீட்டும் கடையில் உங்கள் பணம் பெயருக்குத்தான் போகிறது. வயர்மேனிடம் கூடுதல் காசு வாங்கியதில் எனக்கு மனச்சங்கடம் இல்லை. கணக்கரிடம் வாங்கியிருந்தால் இருந்திருக்கும்.